அப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரியை வாசிப்பது எப்படி: அம்மாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அம்மாவுக்கு,

மாரடைப்புக்குப் பின் அப்பாவுக்குத் தந்து, தம்பி படமெடுத்து அனுப்பிய டிஸ்சார்ஜ் சம்மரியின் எல்லாப் பக்கங்களையும் படித்துவிட்டேன். போனில் நீங்கள் கேட்ட சந்தேகங்களுக்கு அவ்வப்போது பதில் சொன்னேனே தவிர, ஒரு வரியைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வரிக்குத் தாவிவிட்டோம். அதனால்தான் நிதானமாக உட்கார்ந்து எழுதுகிறேன். அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நான் சொல்லும் வரிசையிலேயே படியுங்கள்.

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி வீட்டாருக்காக எழுதப்படுவதில்லை. நாளைக்கு அப்பாவை வேறொரு டாக்டர் பார்க்க நேர்ந்தால், உள்ளே என்ன நடந்தது என்று அவர் இரண்டு நிமிடத்தில் புரிந்துகொள்வதற்காக இன்னொரு டாக்டர் எழுதுவது அது. அதனால்தான் அதில் சுருக்கெழுத்துகள் நிறைந்திருக்கின்றன, வீட்டில் செய்ய வேண்டியவை கடைசிப் பக்கத்துக்குப் போய்விடுகின்றன. மருத்துவமனையில் மருந்தாளுநராக இருப்பதால் இத்தகைய தாள்களைத் தினமும் பார்க்கிறேன். வீட்டுக்கு வந்த பிறகு ஏற்படும் சிக்கல்களில் பெரும்பாலானவை முதல் பக்கத்து நோயின் பெயரால் வருவதில்லை, கடைசிப் பக்கத்து மருந்துப் பட்டியலால்தான் வருகின்றன. ஆகவே பின்னாலிருந்து முன்னால் வாருங்கள்.

மருந்துப் பட்டியலும் அதன் பக்கத்திலுள்ள எழுத்துகளும்

‘டிஸ்சார்ஜ் மெடிகேஷன்ஸ்’ என்ற தலைப்பின்கீழ் எட்டு மருந்துகள் உள்ளன. ஒவ்வொன்றின் முன்னாலும் உள்ள ‘டி’ என்ற எழுத்து மாத்திரையைக் குறிக்கும். பெயருக்கு அடுத்த எண் மில்லிகிராம் அளவு. அதற்கும் அடுத்துள்ள 1-0-1 போன்ற எண்களை இடமிருந்து வலமாகக் காலை, மதியம், இரவு என்று படிக்க வேண்டும். சில மருந்துகளுக்கு எண்களுக்குப் பதிலாக எழுத்துகள் போட்டிருக்கிறார்கள். ஓ.டி. என்றால் ஒரு நாளைக்கு ஒரு முறை, பி.டி. என்றால் இரண்டு முறை, ஹெச்.எஸ். என்றால் இரவு படுக்கப் போகும் முன், ஏ.சி. என்றால் சாப்பாட்டுக்கு முன், பி.சி. என்றால் சாப்பாட்டுக்குப் பின்.

எஸ்.ஓ.எஸ்., எஸ்.எல். என்ற இரண்டும் எட்டாவது மருந்தான ஐசோசார்பைடு டைநைட்ரேட் 5 மில்லிகிராமின் பக்கத்தில் சேர்ந்தே வருகின்றன. எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும், எஸ்.எல். என்றால் நாக்குக்கு அடியில். ஆக, இது தினமும் போடும் மாத்திரை அல்ல. தண்ணீரோடு விழுங்கும் மாத்திரையும் அல்ல. நெஞ்சுவலி வந்தால் அப்பாவை உட்கார வைத்துவிட்டு (நின்றபடி போட்டால் ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றி விழக்கூடும்) ஒரு மாத்திரையை நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்தில் வலி குறையாவிட்டாலோ, வலி கூடினாலோ, அடுத்த மாத்திரைக்காகக் காத்திருக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிடுங்கள். இந்த மாத்திரை அலமாரிக்குள் இருந்து பயனில்லை. அப்பா எந்த அறையில் இருக்கிறாரோ அந்த அறையில் இருக்க வேண்டும், வெளியே போனால் சட்டைப்பையில் இருக்க வேண்டும்.

பழைய மருந்துப் பெட்டியைத் தாளோடு ஒப்பிடுதல்

இந்தக் கடிதத்தில் வேறு எதை விட்டாலும் இந்தப் பகுதியை விட்டுவிடாதீர்கள், அம்மா. டிஸ்சார்ஜ் தாள் புதிதாக என்ன போட வேண்டும் என்று சொல்கிறது. ஏற்கெனவே வீட்டில் போட்டுக்கொண்டிருந்ததில் எதை நிறுத்த வேண்டும் என்பதைப் பல நேரங்களில் சொல்வதில்லை. அப்பாவின் தாளிலும் அப்படித்தான் இருக்கிறது.

பழைய பெட்டியிலிருக்கும் எல்லா அட்டைகளையும் மேசைமேல் பரப்புங்கள். அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் உண்மையான பெயர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தச் சிறிய எழுத்தைப் படித்து, தாளில் உள்ள பெயரோடு ஒப்பிட வேண்டும். பெரிய எழுத்தை மட்டும் பார்த்தால் ஒரே மருந்து இரண்டு பெயர்களில் வந்து இரண்டு வேறு மருந்துகளைப் போலத் தெரியும்.

தம்பி அனுப்பிய படத்தில் அந்தப் பெட்டியில் நான்கு அட்டைகள் இருந்தன. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது, இரண்டு வருடமாக அப்பா இரவில் போட்டுவந்த கேப்ஸ்யூல். அதன் சிறிய எழுத்தில் ஆஸ்பிரின் 75, அடார்வாஸ்டாடின் 10 என்று இரண்டு மருந்துகள் இருக்கின்றன. புதிய தாளில் ஆஸ்பிரின் 75 தனியாகவும் அடார்வாஸ்டாடின் 80 தனியாகவும் உள்ளன. பழையதையும் புதியதையும் சேர்த்துப் போட்டால் ஆஸ்பிரின் 150 ஆகிவிடும், அடார்வாஸ்டாடின் 90 ஆகிவிடும். அடார்வாஸ்டாடினுக்கு ஒரு நாளின் உச்ச அளவே 80தான். ஆஸ்பிரினின் கதை இன்னும் மோசம். புதிய பட்டியலில் உள்ள டிகாகிரெலர் என்ற மருந்தோடு தினமும் சேரும் ஆஸ்பிரின் 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரத்தக்கசிவு கூடுவது ஒருபுறம் இருக்க, டிகாகிரெலரின் பலனும் குறைந்துபோகிறது.

இரண்டாவது, ரத்த அழுத்தத்துக்கான டெல்மிசார்டன் 40. புதிய தாளில் அது இல்லை. ஆனால் ராமிப்ரில் 2.5 இருக்கிறது. பெயர்கள் வேறு வேறாக இருந்தாலும் இரண்டும் உடலில் ஒரே பாதையைத்தான் தடுக்கின்றன. சேர்த்துப் போட்டால் ரத்த அழுத்தம் தேவைக்குமேல் இறங்கும், ரத்தத்தில் பொட்டாசியம் கூடும், சிறுநீரகம் தடுமாறும். 2008-ல் வெளியான ஆன்டார்கெட் ஆய்வில் இதே இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றை மட்டும் கொடுத்ததைவிடக் கூடுதல் பலன் எதுவும் கிடைக்கவில்லை, மயக்கமும் சிறுநீரகப் பாதிப்பும்தான் கூடின.

இந்த இரண்டையும் நானாகத் தீர்மானிக்கவில்லை. தாளின் அடியில் அச்சிட்டிருந்த வார்டு எண்ணுக்குப் பேசி, டியூட்டி டாக்டரிடம் இரண்டு அட்டைகளிலும் உள்ளதை வாசித்துக் காட்டினேன். இரண்டையும் நிறுத்தும்படி அவர் சொன்னார். சொன்னவரின் பெயரையும் தேதியையும் தம்பியிடம் கொடுத்திருக்கிறேன், தாளின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு அட்டைகளும் வீட்டில் இருக்கவே வேண்டாம். ‘தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்’ என்பீர்கள், எனக்குத் தெரியும். தனியாக வைத்தது ஒரு மாதத்தில் திரும்பவும் பெட்டிக்குள் வந்துவிடும்.

மூன்றாவது, சர்க்கரைக்கான மெட்பார்மின். பட்டியலுக்குக் கீழே தனி வரியில் ‘மெட்பார்மின் வித்ஹெல்டு’ என்று இருக்கிறதே, அதைத்தான் நீங்கள் கவனிக்காமல் விட்டிருக்கிறீர்கள். வித்ஹெல்டு என்றால் தற்காலிகமாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று பொருள், ஒரேயடியாக எடுத்துவிடவில்லை. ஆஞ்சியோகிராமின்போது ரத்தக்குழாய் படத்தில் தெரிவதற்காக ஒரு சாயத்தைச் செலுத்துவார்கள். அந்தச் சாயம் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும், சில நேரம் சிறுநீரகத்தைக் கொஞ்சம் பாதிக்கவும் செய்யும். மெட்பார்மினும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறும் மருந்து. சிறுநீரகம் மந்தமாக இருக்கும் நேரத்தில் அது உடலில் தேங்கினால் ரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து உண்டு. ஆகவே சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பரிசோதனை செய்து, சரியாக இருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகே மறுபடி ஆரம்பிக்க வேண்டும். அப்பாவின் கிரியேட்டினின் சேர்ந்தபோது 1.1, வீட்டுக்கு வரும்போது 1.4. பெரிய ஏற்றம் இல்லை, ஆனால் காத்திருக்கச் சொன்னதற்குக் காரணம் அதுதான். இடைப்பட்ட நாட்களில் சர்க்கரை சற்றுக் கூடுதலாகக் காட்டினால் பதற வேண்டாம். குறித்து வையுங்கள். தொடர்ந்து 300-ஐத் தாண்டினால் ரிவ்யூ நாள் வரை காத்திருக்காமல் வார்டுக்குப் போன் செய்து கேளுங்கள்.

நான்காவது, கிளிமிபிரைடு 1 மில்லிகிராம். இது பழைய பெட்டியிலும் இருக்கிறது, புதிய தாளிலும் இருக்கிறது. அளவு மாறவில்லை, காலை உணவுக்கு முன் அப்படியே தொடரலாம். இதைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டியிருக்கிறது, மெட்டோபிரோலால் வரும்போது சொல்கிறேன்.

நிறுத்தவே கூடாத இரண்டு மாத்திரைகள்

ஆஸ்பிரின் 75 மதியச் சாப்பாட்டுக்குப் பின், டிகாகிரெலர் 90 காலையும் இரவும். தாளில் இவ்விரண்டையும் சேர்த்து ‘டி.ஏ.பி.டி.’ என்று குறித்திருக்கிறார்கள். ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாவதைத் தடுக்கும் இரண்டு மருந்துகள் என்று அதற்குப் பொருள்.

அப்பாவின் இதய ரத்தக்குழாயில் வைத்திருக்கும் ஸ்டென்ட், பேனாவுக்குள் இருக்கும் சுருள்கம்பியைப் போன்ற மெல்லிய உலோக வலைக்குழாய். மூடிய குழாயை அது விரித்துப் பிடித்திருக்கிறது. ஆனால் ரத்தத்தைப் பொறுத்தவரை அது வெளியிலிருந்து வந்த பொருள். அதன்மேல் தட்டணுக்கள் ஒட்டிக் கட்டி கட்டவே பார்க்கும். குழாயின் உட்புறத் தோல் வளர்ந்து அந்தக் கம்பியை மூடும் வரை இந்த ஆபத்து உண்டு. இரண்டு மருந்துகளும் அதுவரை காவல் நிற்கின்றன. மாரடைப்புக்குப் பின் வைக்கும் ஸ்டென்டுக்குப் பொதுவாக 12 மாதம் இரண்டையும் தருவார்கள், அதன் பிறகு ஒன்றை நிறுத்தி மற்றொன்றைத் தொடர்வார்கள். நடுவில் திடீரென்று நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே கட்டி அடைத்து, முன்பு வந்ததைவிடப் பெரிய மாரடைப்பு வரக்கூடும்.

நிறுத்துவது பெரும்பாலும் மறதியால் நடப்பதில்லை, வேறொருவர் சொல்லித்தான் நடக்கிறது. அப்பா அடுத்த மாதம் கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவதாக இருந்தாரே, அதுதான் சரியான உதாரணம். ‘ரத்தம் நிற்காது, ஐந்து நாள் மாத்திரையை நிறுத்திவிட்டு வாருங்கள்’ என்று யாராவது சொல்லக்கூடும். சொல்பவர் யாராக இருந்தாலும், இதய டாக்டரிடம் கேட்காமல் ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. பல் வைத்தியத்தைத் தள்ளிப்போடலாம், அல்லது மருந்தைத் தொடர்ந்தபடியே செய்ய வழி உண்டா என்று இரண்டு டாக்டர்களும் பேசிக்கொள்ளலாம். எங்கே போனாலும் ‘ஸ்டென்ட் வைத்திருக்கிறது, டிகாகிரெலர் போடுகிறார்’ என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

ஒரு வேளை மறந்துவிட்டால், அடுத்த வேளையில் வழக்கமான ஒரே மாத்திரையைக் கொடுங்கள். விட்டதற்கும் சேர்த்து இரண்டாகக் கொடுக்க வேண்டாம். மருந்து தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே அடுத்த அட்டை வாங்கி வைத்துவிடுங்கள்.

டிகாகிரெலருக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. சிலருக்கு முதல் சில நாட்களில் லேசான மூச்சுத்திணறல் வரும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ‘மூச்சு போதவில்லை’ என்பார்கள், நுரையீரலில் எதுவும் இருக்காது. பெரும்பாலும் தானாகவே குறைந்துவிடும். ஆனால் படுத்தால் கூடும், நாலடி நடந்தால் கூடும், கால் வீங்கும் என்றால் அது மருந்தின் வேலையாக இராது, இதயம் சோர்ந்து நீர் தேங்குவதன் அடையாளமாக இருக்கலாம், அன்றைக்கே காட்ட வேண்டும். எந்தத் திணறலானாலும் நீங்களாகப் பெயர் வைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள். தாங்க முடியாதவர்களுக்கு மாற்று மருந்து இருக்கிறது, மாற்றுவதை டாக்டர் செய்வார்.

பல் தேய்க்கும்போது ஈறில் கொஞ்சம் ரத்தம், கையில் இடித்த இடத்தில் நீலத் திட்டு, இவையெல்லாம் எதிர்பார்க்கக்கூடியவை. தார் போலக் கறுத்த மலம், ரத்த வாந்தி, சிவந்த சிறுநீர், பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தும் நிற்காத மூக்கு ரத்தம், தலையில் அடி, இவற்றில் எதுவானாலும் நேராக மருத்துவமனைக்கு. மூட்டுவலிக்காக நீங்கள் போட்டுக்கொள்ளும் டைக்ளோஃபினாக் மாத்திரையை அப்பாவுக்குக் கொடுத்துவிடாதீர்கள். அது வயிற்றில் ரத்தக்கசிவை உண்டாக்கும், சிறுநீரகத்துக்கும் ஆகாது. வலி, காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும்.

மற்ற மருந்துகள்

பான்டோபிரசோல் 40, மேலே சொன்ன இரண்டும் வயிற்றைப் புண்ணாக்காமல் காப்பதற்கு. காலையில் சாப்பிடுவதற்கு அரை மணி நேரம் முன்பு.

அடார்வாஸ்டாடின் 80 இரவில். ‘கொலஸ்டிரால் நார்மல் என்றுதானே ரிப்போர்ட்டில் இருக்கிறது, இது எதற்கு?’ என்று அப்பா கேட்டதாகத் தம்பி சொன்னான். மாரடைப்பு வந்தவருக்கு இந்த மருந்து எண்ணைக் குறைப்பதற்காக மட்டும் தரப்படுவதில்லை. குழாய்ச் சுவரில் ஏற்கெனவே படிந்த கொழுப்பு வெடிக்காமல் உறுதிப்படவும் அது தேவை. காரணமில்லாமல் தொடை, தோள் தசைகளில் கடும் வலி வந்தாலோ சிறுநீர் கறுத்துப் போனாலோ சொல்ல வேண்டும்.

ராமிப்ரில் சிலருக்கு விடாத வறட்டு இருமலைக் கொடுக்கும். வந்தால் இருமல் மருந்து வாங்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், மருந்தை மாற்றுவார். உதடோ முகமோ வீங்கினால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது அரிது.

மெட்டோபிரோலால் 25, காலையில். இது இதயத் துடிப்பை நிதானப்படுத்தும், திடீரென்று நிறுத்தக் கூடாது. மாத்திரை மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்டது, நசுக்கவோ மெல்லவோ வேண்டாம். கிளிமிபிரைடு பற்றிச் சொல்கிறேன் என்றேனே, அது இங்கேதான் வருகிறது. அப்பாவுக்குச் சர்க்கரை இறங்கும்போதெல்லாம் படபடப்பும் கைநடுக்கமும் வரும், அதைக் கண்டுதான் நீங்கள் சர்க்கரை கொடுப்பீர்கள். மெட்டோபிரோலால் அந்தப் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும். வியர்வையை மறைக்காது. இனிமேல் காரணமில்லாமல் நெற்றியும் கழுத்தும் குளிர்ந்து வியர்த்தாலோ, பேச்சு குழறினாலோ, சர்க்கரை மானியில் பாருங்கள். 70-க்குக் கீழ் இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நெஞ்சுவலியோடு சேர்ந்து வியர்த்தால் கதை வேறு, அப்போது ஆம்புலன்ஸ்தான்.

முதல் பக்கம்: டயக்னோசிஸ் என்ற வரி

இப்போது முதல் பக்கத்துக்கு வாருங்கள். ‘டயக்னோசிஸ்’ என்பதற்கு எதிரே ஒரே மூச்சில் எழுதிய நீண்ட வரியைத் துண்டு துண்டாக்கிப் படிக்க வேண்டும். சி.ஏ.டி. என்றால் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் அடைப்பு நோய். ஏ.டபிள்யூ.எம்.ஐ. என்றால் இதயத்தின் முன்பக்கச் சுவரில் வந்த மாரடைப்பு. எஸ்/பி என்றால் ‘இது செய்து முடித்த நிலை’. பி.டி.சி.ஏ. என்றால் பலூன் வைத்து அடைப்பை விரித்தது. டி.இ.எஸ். என்றால் மருந்து பூசிய ஸ்டென்ட். எல்.ஏ.டி. என்பது இதயத்தின் முன்பக்கமாக இறங்கும் பெரிய ரத்தக்குழாயின் பெயர். டி2டி.எம். சர்க்கரை நோய், எஸ்.ஹெச்.டி.என். ரத்த அழுத்தம். எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தால், ‘சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவருக்கு, முன்பக்கக் குழாய் அடைத்து மாரடைப்பு வந்தது, அந்தக் குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது’ என்பதுதான் அந்த வரி.

ஆஞ்சியோகிராம் பகுதியில் எல்.ஏ.டி.யில் 95% என்றிருப்பதும், ஆர்.சி.ஏ.யில் 30% என்றிருப்பதும் உங்களைக் கலங்க வைத்திருக்கின்றன. 95% என்பது ஸ்டென்ட் வைப்பதற்கு முன்பிருந்த நிலை. அதற்கும் கீழே ‘டிமி 3 ஃப்ளோ’ என்று ஒரு வரி இருக்கிறது, பாருங்கள். 0 முதல் 3 வரை போடும் மதிப்பில் 3 என்பது ரத்தம் முழு வேகத்தில் ஓடுகிறது என்பது. ஸ்டென்ட் வைத்த பிறகு டாக்டர்கள் பார்க்க விரும்பும் எண் அதுதான். வலப்பக்கக் குழாயான ஆர்.சி.ஏ.யில் உள்ள 30% ரத்த ஓட்டத்தைத் தடுக்கும் அளவு அல்ல, அதற்கு ஸ்டென்ட் வைப்பதில்லை, மாத்திரையால்தான் வைத்தியம். ‘இன்னொரு அடைப்பை விட்டுவிட்டார்களா?’ என்று நீங்கள் கேட்டதற்கு இதுதான் பதில்.

இ.எஃப். 40% என்பது

‘அப்பாவின் இதயம் 40 சதவீதம்தான் வேலை செய்கிறதாம்’ என்று நீங்கள் சொன்ன குரல் இன்னும் காதில் இருக்கிறது. அந்த எண்ணுக்கு அப்படிப் பொருள் இல்லை, அம்மா. இதயத்தின் இடது கீழறை ரத்தத்தால் நிறைந்து, பிறகு சுருங்கி ரத்தத்தை உடலுக்குத் தள்ளுகிறது. எவ்வளவு பலமான இதயமானாலும் நிறைந்த ரத்தம் முழுவதையும் ஒரே துடிப்பில் தள்ளிவிடாது. நல்ல ஆரோக்கியமான இதயம் தள்ளுவதே ஏறக்குறைய 55 முதல் 70 சதவீதம் வரைதான். அதாவது முழு மதிப்பெண் 100 அல்ல. அப்பாவின் 40-ஐ அந்த 55-ன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். குறைவுதான், அதை மறைக்கவில்லை. ‘மாடரேட் எல்.வி. டிஸ்ஃபங்ஷன்’ என்று எழுதியிருப்பதும் இதே செய்திதான், இடது கீழறையின் பலம் நடுத்தர அளவில் குறைந்திருக்கிறது.

இன்னொன்றையும் பாருங்கள். இந்த எண்ணைத் தந்த எக்கோ ஸ்கேன் எடுத்த தேதி மாரடைப்பு வந்ததற்கு மறுநாள். ரத்தம் கிடைக்காமல் தவித்த தசையில் ஒரு பகுதி செத்துப்போயிருக்கும், இன்னொரு பகுதி உயிரோடு இருந்தும் அதிர்ச்சியில் அசையாமல் நிற்கும். மறுநாள் எக்கோவில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ‘ஆர்.டபிள்யூ.எம்.ஏ.’ என்ற எழுத்துகள், சுவரின் ஒரு பகுதி சரியாக அசையவில்லை என்பதையே சொல்கின்றன. அதிர்ச்சியில் நின்ற தசை சில வாரங்களில் மீண்டும் அசையத் தொடங்கலாம். ஆகவேதான் ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் மறுபடி எக்கோ எடுப்பார்கள். அந்த எண்தான் அப்பாவின் நிலையை உண்மையாகச் சொல்லும். மேலும் ஏறலாம், ஏறாமலும் போகலாம். ஏறாவிட்டால் மருந்துகளைக் கூட்டுவார்கள்.

அது வரை வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தினமும் காலையில், சிறுநீர் கழித்த பின், சாப்பிடும் முன், அப்பாவின் எடையைப் பார்த்து எழுதுங்கள். மூன்று நாளைக்குள் இரண்டு கிலோ ஏறினால் அது சதை அல்ல, நீர். கால் வீக்கமும் மூச்சுத்திணறலும் வெளியே தெரியும் முன்பே எடை காட்டிக்கொடுத்துவிடும்.

பயமுறுத்தும், ஆனால் பயப்படத் தேவையில்லாத சொற்கள்

‘மைல்டு எம்.ஆர்.’ என்பது இதயத்தின் ஒரு வால்வில் லேசான கசிவு, பலருக்கும் இருப்பது. ‘நோ எல்.வி. கிளாட்’ என்றால் இதய அறைக்குள் ரத்தக்கட்டி இல்லை. கிளாட் என்ற சொல்லை மட்டும் பார்த்துவிட்டு அதற்கு முன்னாலுள்ள ‘நோ’வை விட்டுவிட்டீர்கள். ‘ட்ரோபோனின் பாசிட்டிவ்’ என்பது மாரடைப்பை உறுதி செய்த ரத்தப் பரிசோதனை, தனியாக இன்னொரு நோய் அல்ல. ‘என்.ஏ.டி.’ என்றால் பார்த்ததில் கோளாறு எதுவும் இல்லை.

அதேபோல நிம்மதி தரும் சொல் ஒன்றையும் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். ‘கண்டிஷன் அட் டிஸ்சார்ஜ்: ஸ்டேபிள்’ என்பதற்கு வீட்டுக்கு அனுப்பும் அளவுக்கு நிலை சீராக இருக்கிறது என்றுதான் பொருள். குணமாகிவிட்டது என்பதாக எடுத்துக்கொண்டு அப்பா மாடிப்படி ஏறி இறங்கத் தொடங்கியிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். வீட்டுக்குள் சமதளத்தில் நடக்கலாம், தினமும் சில நிமிடங்கள் கூட்டிக்கொண்டே போகலாம், மூச்சு வாங்காமல் பேசியபடி நடக்க முடிகிற வேகமே அளவு. ‘ரைட் ரேடியல்’ என்றிருப்பதன்படி வலது மணிக்கட்டு வழியாகத்தான் ஆஞ்சியோ செய்திருக்கிறார்கள். அந்தக் கையால் ஒரு வாரத்துக்குக் கனமானதைத் தூக்க வேண்டாம். துளை போட்ட இடத்தில் ரத்தம் வந்தால் விரலால் அழுத்திப் பிடித்தபடியே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். விரல்கள் குளிர்ந்து மரத்துப்போனாலும் காட்ட வேண்டும்.

ரிவ்யூ என்ற கடைசி வரி

‘ரிவ்யூ ஆஃப்டர் 7 டேஸ் வித் ஆர்.எஃப்.டி., சி.பி.சி.’ என்றால் ஏழு நாள் கழித்து வரும்போது சிறுநீரகப் பரிசோதனை, ரத்த அணுக்கள் பரிசோதனை ஆகிய இரண்டின் முடிவுகளையும் கையில் கொண்டுவாருங்கள் என்று பொருள். அங்கே போய் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டால், டாக்டர் முடிவைப் பார்க்காமலே அனுப்ப வேண்டிவரும், மெட்பார்மின் விஷயம் மறுபடி தள்ளிப்போகும். முந்தின நாளே ரத்தம் கொடுத்துவிடுங்கள். ராமிப்ரில் ஆரம்பித்த பின் கிரியேட்டினினும் பொட்டாசியமும் எங்கே நிற்கின்றன என்பதும் அதே ஆர்.எஃப்.டி.யில் தெரிந்துவிடும். பொட்டாசியத்தையும் சேர்த்துப் பார்க்கும்படி லேபில் சொல்லுங்கள், சில இடங்களில் அதைத் தனியாகத்தான் எடுப்பார்கள்.

போகும்போது அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பெயரை மட்டும் எழுதிக்கொண்டு போவது போதாது. எடை, சர்க்கரை, ரத்த அழுத்தம் எழுதிய நோட்டும் வேண்டும். டாக்டரிடம் கேட்க வேண்டியவை மூன்றே. மெட்பார்மினை எந்தத் தேதியில், எந்த அளவில் மறுபடி ஆரம்பிப்பது? டிகாகிரெலரை எந்த மாதம் வரை தொடர்வது? அடுத்த எக்கோ எப்போது? பல் விஷயத்தை மூன்றாவது கேள்விக்குப் பிறகு கேட்டால் போதும். டாக்டர் சொல்வதைத் தம்பி அங்கேயே இந்தத் தாளின் பின்பக்கத்தில் தேதி போட்டு எழுதி, எனக்குப் படமெடுத்து அனுப்பட்டும். உங்களுக்கு இரவு எத்தனை மணியானாலும் அன்றைக்கு நான் விழித்திருப்பேன்.

அன்புடன்,
உங்கள் மகள்